வாடகையும் வரவில்லை, ஆளும் இல்லை: மாடி வீட்டைப் பூட்டிவிடலாமா?

*வணக்கம் சார். கே.கே. நகரில் எங்கள் மாடி வீட்டை ஜனவரி முதல் 11 மாத ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறேன். வாடகை 14,000, அட்வான்ஸ் 42,000. ஒப்பந்தத்தை ஆன்லைனில் பதிவு செய்து நம்பரும் வாங்கிவிட்டோம். ஏப்ரல் முதல் ஜூலை வரை நாலு மாத வாடகை வரவில்லை. இப்போது இரண்டு வாரமாக வீடு பூட்டிக் கிடக்கிறது, போனையும் எடுப்பதில்லை. சாமான் எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. 'இரண்டு மாதம் வாடகை தவறினால் உரிமையாளர் வீட்டைப் பூட்டிச் சுவாதீனம் எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அதனால் நம் பூட்டையும் மேலே ஒன்று போட்டுவிடு என்கிறான் என் தம்பி. தையில் மகனுக்குக் கல்யாணம், அந்த வீடு அவனுக்கு வேண்டும். பூட்டலாமா?*
*— ஒரு வாசகி, சென்னை*

அம்மா, பூட்டாதீர்கள். இன்றைய நிலையில் நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கிறது. நாலு மாத பாக்கி, பதிவு செய்த ஒப்பந்தம், மகனுக்கு உண்மையான தேவை என்று எல்லாமே கையில் இருக்கிறது. ஒரு பூட்டைத் தொங்கவிட்டால் மறுநாளே வழக்கு திசை மாறும். வாடகை தராதவர் புகார்தாரர் ஆவார், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஆவீர்கள்.

'என் வீடு, நான் பூட்டினால் என்ன?' என்று உங்களுக்குக் கோபம் வரலாம். வீடு உங்களுடையதுதான், அதில் தகராறே இல்லை. ஆனால் பழைய பத்திரங்களில் 'சுவாதீனம்' என்று எழுதுவார்களே, அதை ஜனவரியில் சாவியோடு சேர்த்து அவரிடம் கொடுத்துவிட்டீர்கள். பட்டா, வரி ரசீது, ஈ.பி. கார்டு எல்லாம் உங்கள் பெயரில் இருந்தாலும், கதவில் அவர் பூட்டும் உள்ளே அவர் சாமானும் இருக்கும்வரை சுவாதீனம் அவருடையது. அவர் ஊரில் இல்லை என்பதால் அது தானாக உங்களிடம் திரும்பி வந்துவிடாது. வாடகை பாக்கி வைத்ததாலும் வராது. கொடுத்த சுவாதீனத்தைத் திரும்பப் பெற இரண்டே வழிதான். அவராக ஒப்படைக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் வாங்கித் தர வேண்டும்.

இது வாடகைதாரர்களுக்காகப் புதிதாக வந்த சலுகை இல்லை. இந்தியாவில் ஒருவர் பலவந்தமாகச் சுவாதீனம் எடுக்க முடியாது, உரிமை இருந்தாலும் நீதிமன்றம் வழியாகத்தான் பெற வேண்டும் என்று மிட்னாப்பூர் ஜமீன் வழக்கில், வெள்ளையர் காலத்தில் கடைசி அப்பீல் நீதிமன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலே சொல்லிவிட்டது. அது 1924. உச்ச நீதிமன்றம் 1968-இல் லல்லு யெஷ்வந்த் சிங் வழக்கில் அதையே உறுதி செய்தது. 1989-இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவருக்கு அங்கே தொடர்ந்து இருக்க உரிமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும்கூட, சட்ட வழியில் அல்லாமல் உரிமையாளர் அவரை வெளியேற்றக் கூடாது என்றது. உங்கள் குடித்தனக்காரருக்கு ஒப்பந்தமே இன்னும் உயிரோடு இருக்கிறது. நவம்பர் 30 வரை ஓடும்.

சரி, தம்பி சொன்னபடி பூட்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் அவர் குடும்பத்தோடு வந்து இறங்குகிறார். வாசலில் உங்கள் பூட்டு. அவர் முதலில் அதைப் போனில் படம் பிடிப்பார், அப்புறம் ஒரு வக்கீலைப் பார்ப்பார். 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் 6-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சம்மதம் இல்லாமல், சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் நீதிபதி கேட்பது இரண்டுதான்: இவர் சுவாதீனத்தில் இருந்தாரா, சட்டப்படி அல்லாமல் வெளியே தள்ளப்பட்டாரா? வீடு யாருடையது என்பது அங்கே பேச்சே இல்லை. நாலு மாத வாடகை வரவில்லை என்று நீங்கள் சொன்னால், 'அதற்குத் தனியாக வழக்குப் போடுங்கள், முதலில் பூட்டைத் திறங்கள்' என்பதுதான் பதிலாக வரும். அந்தத் தீர்ப்பின் மீது அப்பீலும் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு மட்டும் போடலாம்.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது உள்ளே இருக்கும் சாமானுக்காக. பூட்டிய நிமிடத்திலிருந்து அந்த வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். பீரோவில் எட்டு பவுன் நகை இருந்தது, லேப்டாப் இருந்தது, பெண்ணின் சர்டிபிகேட் ஃபைல் இருந்தது என்று அவர் எழுதிக் கொடுத்தால், இல்லை என்று எதை வைத்து நிரூபிப்பீர்கள்? கதவையே திறக்கவில்லை என்று நீங்கள் சொன்னால், சாவி உங்களிடம்தானே இருந்தது என்பார்கள். வாடகை பாக்கிக்கு ஈடாகச் சாமானைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை.

போலீஸ் விஷயமும் இப்படித்தான். வாடகை வரவில்லை என்று நீங்கள் ஸ்டேஷனுக்குப் போனால் 'இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் வீட்டுக்குள் விடவில்லை என்று அவர் போனால் அது சிவில் மேட்டரோடு நிற்காது. ஒருவர் போக உரிமையுள்ள இடத்துக்கு அவரைப் போகவிடாமல் தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126-ஆவது பிரிவில் குற்றம். பூட்டை உடைத்து உள்ளே போனால் 329-ஆவது பிரிவின் அத்துமீறல் பற்றிய கேள்வி வரும். அந்தப் பிரிவு பார்ப்பது சொத்து யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்பதைத்தான், பட்டா யார் பெயரில் என்பதை அல்ல. சொந்த வீட்டிலேயே உரிமையாளர் அத்துமீறியவர் ஆவது இப்படித்தான். அதற்கு மேல், நீங்கள் பூட்டி வைத்திருந்த நாட்களுக்கு வாடகையும் கேட்க முடியாது. வீட்டைக் கொடுக்காமல் வாடகை மட்டும் எப்படிக் கேட்பது?

ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த வரியை நம்பாதீர்கள். டைப்பிங் சென்டரில் ஒரே மாதிரி ஃபார்மை வருடக்கணக்காக அச்சடித்துக் கொடுக்கிறார்கள், அதில் பெயரும் தொகையும் மட்டும் மாறும். வாடகைதாரர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. தமிழ்நாட்டில் 22.02.2019 முதல் அமலில் இருப்பது, 2017-இல் இயற்றிய நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதோடு முடிந்தது. புதுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அந்தப் பிரிவில் சொன்ன காரணங்களுக்காக வாடகை நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய, வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்கிறது. சட்டம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த வேலையை ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு மாற்றிக்கொடுக்க முடியாது.

பூட்டுவது தப்பு என்று தெரிந்ததும் பலர் அடுத்து இறங்குவது ஃபியூஸில். மோட்டார் சுவிட்சை நிறுத்துவது, மாடிக்குப் போகும் தண்ணீர் வால்வைத் திருகுவது, படிக்கட்டு லைட்டைக் கழற்றுவது எல்லாம் இதே வகைதான். அத்தியாவசிய சேவை எதையும் உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று அதே சட்டம் தனியாகச் சொல்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் போனால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடு என்று இடைக்கால உத்தரவு வரும். அவர் கட்ட வேண்டிய கரண்ட் பில்லை அவர் கட்டாமல் மின் வாரியம் வந்து பிடுங்கினால் அது வேறு கதை, நீங்கள் நிறுத்தியதாகாது.

இனி உங்களுக்கு உண்மையில் பயன்படும் பகுதிக்கு வருவோம். 21-ஆவது பிரிவில் சொன்ன காரணங்களில் உங்களுக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று வாடகை பாக்கி, இன்னொன்று சொந்தக் குடியிருப்புத் தேவை. எழுத்து அனுமதி இல்லாமல் வேறு ஆளுக்கு உள்வாடகைக்கு விடுவது, நோட்டீஸ் கொடுத்த பிறகும் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, காலி செய்தால் மட்டுமே செய்ய முடிகிற பெரிய மராமத்து அல்லது இடித்துக் கட்டும் வேலை, வாடகைதாரரே காலி செய்வதாக எழுதிக் கொடுத்து அதை நம்பி நீங்கள் விற்க ஒப்பந்தம் போட்டது என்று மற்றவையும் உண்டு. உங்கள் கதையில் அவற்றுக்கு இடமில்லை, மனுவில் இழுத்துப் போடவும் வேண்டாம். 'மாடியில் சத்தம் போடுகிறார், செருப்பை வாசலில் விடுகிறார்' என்று பத்து குற்றச்சாட்டு சேர்த்தால் உண்மையான ஒன்றும் பலவீனப்பட்டுவிடும்.

பாக்கியை முதலில் பார்ப்போம். இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்தால் மட்டும் போதாது. பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுத் தொகையையும் கட்டாமல் இருந்தால்தான் காரணம் முழுமை அடைகிறது. நோட்டீஸ் இல்லாமல் நேராக நீதிமன்றம் போய், திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் உண்டு. ஏப்ரல், மே, ஜூன், ஜூலை நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, 56,000 ரூபாய் என்று கூட்டித் தெளிவாக எழுத வைக்கவும். 'சுமார்' என்ற சொல் வேண்டாம், கணக்கில் இல்லாத பெயின்டிங் செலவும் வேண்டாம். அதிகமாகக் கேட்ட நோட்டீஸை வைத்தே எதிர்தரப்பு இரண்டு வாய்தாவை ஓட்டிவிடும்.

வீடு பூட்டியிருப்பதால் நோட்டீஸ் போய்ச் சேர்வதில்தான் உங்களுக்குச் சிக்கல். சொத்து மாற்றச் சட்டத்தின் 106-ஆவது பிரிவில் சொன்ன முறைப்படி கொடுக்க வேண்டும். கையெழுத்திட்ட நோட்டீஸைத் தபாலில் அனுப்பலாம். நேரில் அவரிடமோ, வீட்டில் அவர் குடும்பத்தாரிடமோ வேலையாளிடமோ தரலாம். அது நடைமுறையில் முடியாதபோது வீட்டில் பார்வையில் படும் இடத்தில் ஒட்டலாம். ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து கே.கே. நகர் முகவரிக்கு ஒன்று அனுப்புங்கள். 'கதவு பூட்டப்பட்டுள்ளது' என்று தபால்காரர் எழுதித் திருப்பி அனுப்பினால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், அது உங்கள் சாட்சி. ஒப்பந்தத்தில் அவர் கொடுத்த சொந்த ஊர் முகவரிக்கு இன்னொன்று போகட்டும். மூன்றாவதை மாடிக் கதவில் ஒட்டி, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து, பக்கத்து வீட்டார் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒட்டுவது என்றால் காகிதம் ஒட்டுவதுதான், கதவின் கைப்பிடியைக்கூடத் திருக வேண்டாம். உள்ளே பார்க்க வேண்டிய நியாயமான காரணம் இருந்தால்கூட 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புக் கொடுத்த பிறகுதான் போகலாம், அதுவும் அவர் திறந்துவிட்டால்.

நோட்டீஸுக்குப் பிறகு என்னவெல்லாம் நடக்கலாம்? அவர் ஒரு மாதத்துக்குள் 56,000 முழுவதையும் கட்டிவிட்டால் பாக்கி என்ற காரணம் அங்கேயே முடிந்தது. முதல் முறை தவறியவருக்குச் சட்டம் தரும் சலுகை அது, வருத்தப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எந்த ஒரு வருடத்திலாவது திரும்பவும் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் அதே சலுகை இன்னொரு தடவை கிடைக்காது. முப்பதாயிரம் மட்டும் அனுப்புகிறார் என்றால் காரணம் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் சட்டம் கேட்பது முழுத் தொகை. அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். 'நோட்டீஸில் உள்ள என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல், பாக்கியில் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி ரசீது கொடுங்கள். வாடகை வாங்க மறுப்பது பல உரிமையாளர்கள் செய்யும் தவறு. நீங்கள் மறுத்தால் அவர் வாடகை அதிகாரியிடம் கட்டிவிட்டு, தான் தவறவே இல்லை என்று நிற்பார்.

'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்றும் ஒரு பதில் வரும், கண்டிப்பாக வரும். அட்வான்ஸ் என்பது வீட்டைக் காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித் தருவதற்கான பிணைத் தொகை, மாத வாடகைக்குப் பதில் அல்ல என்று நோட்டீஸிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அவர் வாதத்தை ஒப்புக்கொண்டாலும் கணக்கு உங்களுக்குச் சாதகம்தான். இப்போது 56,000-இல் 42,000 போனால் 14,000, அதாவது ஒரு மாதம்தான் பாக்கி என்று அவர் வாதாடலாம். ஆனால் நோட்டீஸ் காலம் முடிந்து செப்டம்பரில் நீங்கள் மனுப் போடும்போது ஆகஸ்ட், செப்டம்பர் வாடகையும் சேர்ந்து பாக்கி 84,000 ஆகியிருக்கும். அதில் 42,000 கழித்தாலும் மூன்று மாதம் மிச்சம். ஒரு மாதம் காத்திருப்பது வீண் என்று நினைக்காதீர்கள்.

சொந்தத் தேவை என்ற காரணத்துக்கு நோட்டீஸ் காலத்தோடு சம்பந்தமில்லை, ஆனால் தேவை உண்மை என்று காட்ட வேண்டும். மகன் இப்போது எங்கே இருக்கிறார், கீழ்வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர் இருக்கிறீர்கள், உங்கள் குடும்பத்துக்கு வேறு வீடு காலியாக இருக்கிறதா என்று கேள்வி வரும். கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டால் ஒரு பிரதி, இல்லாவிட்டால் மண்டபம் பதிந்த ரசீது, மகனின் உறுதிமொழிப் பத்திரம் போதும். இதே நேரத்தில் 'மாடி 20,000-க்கு வாடகைக்கு உண்டு' என்று புரோக்கரிடம் சொல்லி வைப்பது, வெப்சைட்டில் படம் போடுவது எல்லாம் கூடாது. அந்த ஒரு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் போதும், தேவை பொய் என்று எதிர்தரப்பு நிறுவிவிடும். வழக்கு நடக்கும்போது வாடகையைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் வாடகைதாரருக்கு உத்தரவிடவும் வழி இருக்கிறது. மனுவிலேயே அதையும் கேட்டுவிடுங்கள்.

எங்கே போவது என்பதிலும் குழப்பம் வருகிறது. வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர். ஒப்பந்தப் பதிவு, வாடகைத் தொகைத் தகராறு, தண்ணீர் கரண்ட் நிறுத்தம் எல்லாம் அவரிடம். காலி செய்யும் மனு அவரிடம் இல்லை, வாடகை நீதிமன்றத்தில். சென்னைக்கு அது உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்குகிறது. அங்கே 'ஆர்.எல்.டி.ஓ.பி.' என்ற எழுத்தோடு உங்கள் மனுவுக்கு எண் விழும். tenancy.tn.gov.in தளத்தில் நீங்கள் வாங்கிய பதிவு எண் இங்கேதான் பேசும். அது இல்லாமல் நோட்டரி முத்திரையை மட்டும் நம்பி வருபவர்களின் ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கவே கூடாது என்று எதிர்தரப்பு ஆட்சேபிக்கும். 11 மாதம் என்றால் பதிவு தேவையில்லை என்ற பழைய வழக்கமும் இந்தச் சட்டத்தில் எடுபடாது. நீங்கள் அந்தத் தொல்லையில் இல்லை.

அவர் வராமலே இருந்தால் அழைப்பாணை, அப்புறம் பத்திரிகை விளம்பரம், அப்புறம் ஒருதலைப்பட்ச உத்தரவு என்று போகும். உத்தரவு கிடைத்த அன்றுகூட நீங்களாகப் போய்ப் பூட்டை உடைக்கக் கூடாது. நிறைவேற்று மனு போட்டு, பூட்டை உடைக்க அனுமதியும் தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பும் கேட்டால், நீதிமன்ற அமீனா வந்து திறப்பார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் சாட்சிகள் முன்னிலையில் பட்டியலாகும். எட்டு பவுன் கதைக்கு அதற்குப் பிறகு இடமில்லை.

நவம்பர் 30-ஐ மறக்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து, யாரும் எதுவும் சொல்லாமல் அவர் தொடர்ந்து இருந்தால், அதே நிபந்தனைகளோடு மாதா மாதம் புதுப்பிக்கப்பட்டதாகச் சட்டம் கருதும், அதிகபட்சம் ஆறு மாதத்துக்கு. ஆகவே புதுப்பிக்கப் போவதில்லை, அன்றோடு முடிகிறது, காலி செய்யவும் என்று அக்டோபரிலேயே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாடகைக் காலத்தைச் சட்டப்படி முடித்த பிறகும் காலி செய்யாதவரிடம் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகையும், அதற்கு மேல் நான்கு மடங்கும் இழப்பீடாகக் கேட்க 23-ஆவது பிரிவு இடம் தருகிறது. உங்கள் கணக்கில் மாதம் 28,000, அப்புறம் 56,000. இந்தத் தொகையை வசூலிப்பது எளிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டீஸில் அந்த எண்ணைப் பார்த்ததும் போனை எடுக்காதவர்களும் எடுக்கிறார்கள்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பதும் பூட்டுவதற்கு அனுமதி ஆகாது. டிசம்பர் 1-ஆம் தேதி காலையில் தம்பி திரும்பவும் அதே யோசனையோடு வருவார். அப்போதும் இதே பதில்தான்.

தைக்குள் எல்லாம் முடியுமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். செப்டம்பரில் மனு என்றால், அவர் வக்கீல் வைத்து எதிர்த்து, அப்பீலும் போனால், தைக்குள் முடியாது என்று வைத்தே திட்டமிடுங்கள். இந்த வீட்டை நம்பிக் கல்யாணத்தை நிறுத்தவும் வேண்டாம், புதுமணத் தம்பதிக்கு வேறு ஏற்பாடு இல்லாமலும் இருக்க வேண்டாம்.

அதனால்தான், நோட்டீஸ் போன கையோடு பேச்சுக்கும் ஒரு வழி திறந்து வைக்கச் சொல்வேன். நாலு மாதம் வாடகை தர முடியாமல் ஊருக்குப் போன ஆள் பெரும்பாலும் மோசடிக்காரர் இல்லை, வேலை போனவராக இருப்பார். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், அவரைக் கூட்டிவந்த புரோக்கர், ஊரில் இருக்கும் அப்பா என்று யார் மூலமாவது செய்தி போகட்டும். இந்த மாதக் கடைசிக்குள் சாமானை எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தால், அட்வான்ஸைக் கழித்தது போக மிச்சம் 14,000-ஐ விட்டுவிடுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். விட்டுக்கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் வழக்கு நடக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு அதே 14,000 போய்க்கொண்டிருக்கிறது, வக்கீல் ஃபீஸ் தனி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சாவியைத்தான் வாங்குவேன்.

சாவி வாங்கும்போது வெறுங்கையோடு வாங்காதீர்கள். 'வீட்டைக் காலி செய்து சுவாதீனத்தை இன்று ஒப்படைத்துவிட்டேன், என் பொருள் எதுவும் உள்ளே இல்லை, அட்வான்ஸ் 42,000 பாக்கியில் கழிக்கப்பட்டது, இனி ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை' என்று தேதி போட்டு அவரும் மனைவியும் கையெழுத்திடட்டும். சாவி எத்தனை, ஈ.பி. மீட்டர் ரீடிங் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். காலி அறைகளை அவர் நிற்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வர முடியாது, வேறொருவரை அனுப்பிச் சாமானை எடுக்கிறேன் என்றால், அந்த ஆளின் பெயரையும் ஆதாரின் கடைசி நான்கு எண்ணையும் குறிப்பிட்டு அவர் கைப்பட எழுதிய கடிதம் முன்னதாக வந்து சேர வேண்டும். அது வரும்வரை மாடிப்படி ஏற வேண்டாம்.